மின்சாரக் கார் வாங்கும் முன் வீட்டு வயரிங், எர்த், மீட்டர் லோடு: எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

கேள்வி: "வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட்டில் ஒற்றை மாடித் தாமான் வீடு, 1990களில் கட்டியது. சிங்கிள் பேஸ் கரண்டு. ஏர்கோன் இரண்டு, குளியலறையில் வாட்டர் ஹீட்டர் ஒன்று. வேலைக்கு ஈப்போ போய் வர மின்சாரக் கார் எடுக்கலாம் என்று இருக்கிறோம். கடையில் 7 கிலோவாட் சுவர் சார்ஜர் தருவதாகச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டு வயரும் மீட்டரும் அதைத் தாங்குமா? புக்கிங் பணம் கட்டும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?"

பதில்:

வணக்கம். பலரும் முதலில் மீட்டரைத்தான் பார்க்கிறார்கள். உங்கள் வயதுள்ள வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது எர்த். லோடு போதவில்லை என்றால் சார்ஜரின் ஆம்பியரைக் குறைத்துவிடலாம். எர்த் சரியில்லை என்றால் எத்தனை ஆம்பியரில் சார்ஜ் செய்தாலும் ஆபத்துதான். அதனால் எர்த்திலிருந்து தொடங்குகிறேன்.

மலேசியாவில் சிங்கிள் பேஸ் வீடுகளுக்கு மின்சார நிறுவனமான தெனாகா தருவது லைவ், நியூட்ரல் என்ற இரண்டு கம்பிகள் மட்டுமே. எர்த் கம்பி மின்கம்பத்திலிருந்து வருவதில்லை. உங்கள் வீட்டு மண்ணில் அடித்த செம்பு பூசிய இரும்புக் கம்பிதான் உங்கள் எர்த். அது நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. இங்கிலாந்து வீடியோக்களில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துப் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். அது அவர்கள் ஊரின் இணைப்பு முறை. அதை இங்கே செய்யக் கூடாது.

மண்ணில் உள்ள அந்தக் கம்பிக்கு ஒரு தடை உண்டு. நல்ல வீட்டில் அது 10 ஓமுக்குள் இருக்கும். இப்போது கணக்கைப் பாருங்கள். சார்ஜருக்குள் லைவ் கம்பி நழுவி காரின் இரும்பில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை 10 ஓமால் வகுத்தால் 23 ஆம்பியர்தான் மண்ணுக்குள் போகும். சார்ஜருக்குப் போட்ட பிரேக்கர் 32 ஆம்பியர். 23 ஆம்பியரைப் பார்த்து அது ஒருபோதும் விழாது. கார் உடம்பில் கரண்டு நின்றுகொண்டே இருக்கும். நம் ஊரில் உயிரைக் காப்பது ஆர்சிசிபி என்ற கசிவுத் தடுப்பு சுவிட்ச் ஒன்றுதான். கசிந்த கரண்டு மண்ணுக்குப் போக வழி இருந்தால்தான், கார் உடம்பில் கரண்டு ஏறிய அந்தக் கணமே அது விழும். எர்த் அறுந்த வீட்டில் யாராவது ஒருவர் காரைத் தொட்ட பிறகுதான் அது விழும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஆர்சிசிபியில் டி என்று அச்சிட்ட சோதனைப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் டக்கென்று விழும். "பாருங்கள், எர்த் நன்றாக இருக்கிறது" என்று சொல்வார்கள். அந்தப் பொத்தான் சுவிட்சுக்குள்ளேயே லைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் ஒரு சிறு கசிவை உண்டாக்குகிறது. எர்த் கம்பி அதில் சம்பந்தப்படுவதே இல்லை. எர்த் முழுதாக அறுந்து கிடந்தாலும் பொத்தான் வேலை செய்யும். சுவிட்சின் பொறி இறுகிப்போகவில்லை என்பதை மட்டுமே அது காட்டும். அதற்காக மாதம் ஒருமுறை அழுத்துங்கள், ஆனால் எர்த்துக்கு அதைச் சாட்சியாக எடுக்காதீர்கள்.

நீங்களே செய்யக்கூடியது கண்ணால் பார்ப்பது. மீட்டருக்குக் கீழே அல்லது வீட்டு முன்மூலையில் சிறு சிமெண்ட் மூடியோ பிளாஸ்டிக் மூடியோ இருக்கும். திறந்தால் கம்பியின் தலையும், பித்தளைக் கிளிப்பும், அதில் பிடித்த பச்சை அல்லது பச்சை-மஞ்சள் வயரும் தெரிய வேண்டும். முப்பது வருட வீட்டில் பெரும்பாலும் மூன்று கோளாறுகள்தான் இருக்கும். கிளிப் பச்சைக் களிம்பு பிடித்துத் தளர்ந்திருக்கும். அல்லது கார் நிறுத்தும் இடத்துக்கு சிமெண்ட் போட்டபோதோ டைல்ஸ் ஒட்டியபோதோ மூடி புதைந்து, வயரும் வெட்டுப்பட்டிருக்கும். அல்லது பழைய வயர்மேன் எர்த்தை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார், பிறகு குழாயைப் பிளாஸ்டிக்காக மாற்றியிருப்பார்கள். கரண்டு ஓடும்போது கிளிப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டாம். வீட்டில் எங்காவது கசிவு இருந்தால் கழற்றிய வயரின் முனையிலேயே ஷாக் அடிக்கும்.

மீதி சோதனை வயர்மேனுடையது. அவர் இரண்டு கருவிகள் கொண்டுவர வேண்டும். ஒன்று எர்த் டெஸ்டர். வீட்டு எர்த் வயரைக் கழற்றி, ஏறத்தாழ 20 மீட்டர் தள்ளி ஒரு முளை, அதே நேர்கோட்டில் 12 மீட்டரில் இன்னொரு முளை அடித்து அளப்பார். வரிசை வீட்டில் அவ்வளவு மண் இல்லை என்றால் லூப் டெஸ்டரை பிளக்கில் மாட்டி அளக்கலாம். அது தெனாகா பக்கத்து எர்த்தையும் சேர்த்துக் காட்டுவதால் எண் கொஞ்சம் கூடுதலாக வரும். இன்னொன்று ஆர்சிசிபி டெஸ்டர். இது லைவிலிருந்து உண்மையான எர்த்துக்கே கசிவு விட்டுப் பார்ப்பது. 30 மில்லி ஆம்பியர் சுவிட்ச் 15இல் விழக் கூடாது, 30இல் 0.3 வினாடிக்குள் விழ வேண்டும். வெறும் டெஸ்ட் பென்னுடன் வந்து "எல்லாம் ஓகே" என்று சொல்பவரை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

பேராக்கின் பழைய ஈயச் சுரங்க நிலத்து மணலிலும், வெயில் காலத்தில் காய்ந்த செம்மண்ணிலும் தடை சீக்கிரம் ஏறும். மழை பெய்த மறுநாள் அளந்து 9 ஓம் வந்தால் அதை நிம்மதியான எண்ணாக எடுக்காதீர்கள். தடை அதிகமாக இருந்தால் இரண்டாவது கம்பி ஒன்றை அடித்து முதல் கம்பியுடன் இணைப்பார்கள். கம்பியின் நீளம் 1.5 மீட்டர் என்றால் இரண்டுக்கும் நடுவில் குறைந்தது அதே அளவு இடைவெளி வேண்டும், இரட்டிப்பாக இருந்தால் இன்னும் நல்லது. பக்கத்துப் பக்கத்தில் அடித்தால் இரண்டும் ஒரே மண்ணைப் பகிர்ந்துகொள்ளும், தடை பெரிதாகக் குறையாது. இடம் இல்லாத வீட்டில் கம்பியோடு கம்பி கோத்து ஆழமாக இறக்குவதே வழி. அடியில் ஈரம் வருடம் முழுக்க இருக்கும்.

இதே இடத்தில் ஓர் எச்சரிக்கை. இன்றைய சார்ஜர்கள் பலவும் எர்த் இல்லை என்று தெரிந்தால் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும். அதை ஏமாற்ற நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்குக்குள் பாலம் போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்த வீட்டில் நியூட்ரல் கம்பி எங்காவது விட்டுப்போனால் கார் உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறும். டயர் ரப்பர் என்பதால் கார் அப்படியே கரண்டைத் தாங்கி நிற்கும், கதவைத் திறக்கக் கை வைப்பவர் மண்ணுக்குப் பாதையாவார். இதை யார் செய்து தருவதாகச் சொன்னாலும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

அடுத்தது மெயின் சுவிட்சும் பிரேக்கர்களும் இருக்கும் டிபி பெட்டி. மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் பெரிய சுவிட்சுகளின் முகத்தில் உள்ள எண்களைப் படியுங்கள், ஸ்குரூ எதையும் கழற்ற வேண்டாம். ஆர்சிசிபியில் இரண்டு எண் இருக்கும். 40 அல்லது 63 என்பது அது தாங்கும் ஆம்பியர். 0.1 அல்லது 0.03 என்பது எந்தக் கசிவில் விழும் என்பது, அதாவது 100 அல்லது 30 மில்லி ஆம்பியர். உங்கள் காலத்து வீடுகளில் 40 ஆம்பியர், 100 மில்லி ஆம்பியர் சுவிட்ச் ஒன்று வீடு முழுவதற்கும் போட்டிருப்பது சகஜம். இதில் பலருக்குத் தெரியாத விஷயம், ஆர்சிசிபி கூடுதல் லோடைப் பார்த்து விழாது. அதன் வேலை கசிவைப் பார்ப்பது மட்டுமே. 40 ஆம்பியர் சுவிட்சில் 45 ஆம்பியர் ஓடினாலும் அது பேசாமல் சுடும், முனைகள் கருகும், கடைசியில் உள்ளே ஒட்டிக்கொண்டு கசிவு வந்தாலும் விழாமல் நிற்கும்.

மீட்டரின் முகத்தில் 10(60) அல்லது 5(100) போல் ஓர் எண் இருக்கும். அடைப்புக்குள் உள்ளது அந்தக் கருவி தாங்கும் உச்ச ஆம்பியர். 100 என்று எழுதியிருந்தால் 100 ஆம்பியர் எடுக்கலாம் என்று அர்த்தம் அல்ல. உங்கள் எல்லை மீட்டருக்கு முன்னால் உள்ள பியூஸும், தெனாகா உங்களுக்குத் தர ஒப்புக்கொண்ட அளவும்தான். சிங்கிள் பேஸ் வீட்டுக்குத் தெனாகாவின் உச்ச அளவு 12 கிலோ வோல்ட் ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 52 ஆம்பியர். பியூஸ் பெட்டியிலும் மீட்டரிலும் தெனாகாவின் சீல் இருக்கும், அதில் கை வைக்கக் கூடாது.

இப்போது நீங்கள் சொன்ன வீட்டுக்கே கணக்குப் போடுவோம். வாட்டர் ஹீட்டர் வழக்கமாக 3.6 கிலோவாட், அதற்கு 16 ஆம்பியர். ஒரு குதிரைத்திறன் ஏர்கோனுக்கு 4, ஒன்றரைக்கு 5. கெட்டிலுக்கு 10, அரிசிக் குக்கருக்கு 3. ஃபிரிட்ஜ், விசிறி, டிவி, விளக்கு எல்லாம் சேர்ந்து 4. மாலை ஏழரை மணிக்கு ஒருவர் குளிக்க, சமையலறையில் கெட்டிலும் அரிசிக் குக்கரும் கொதிக்க, ஏர்கோன் இரண்டும் ஓட, மொத்தம் 42 ஆம்பியர் ஆகிறது. 40 ஆம்பியர் சுவிட்ச் இருந்தால் கார் வருவதற்கு முன்பே அது விளிம்பில் நிற்கிறது. ஹீட்டரும் கெட்டிலும் சில நிமிடமே ஓடுவதால் இவ்வளவு நாள் தப்பியிருக்கும்.

7 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர் எடுக்கும், அதுவும் பல மணி நேரம் இடைவிடாமல். மாலையில் போட்டால் 42உம் 32உம் சேர்ந்து 74. சிங்கிள் பேஸ் வீட்டில் இதற்கு இடமே இல்லை. நள்ளிரவுக்குப் பிறகு பாருங்கள். ஏர்கோன் இரண்டும் ஃபிரிட்ஜும் விசிறியும் சேர்ந்து 12 ஆம்பியர், சார்ஜர் 32, மொத்தம் 44. இது 52க்குள் அடங்குகிறது. ஆனால் காலை ஐந்தரைக்கு யாராவது ஹீட்டரைப் போட்டால் 60 ஆகிவிடும். தோட்ட வேலைக்கும் பேக்டரி ஷிப்டுக்கும் விடியும் முன்பே எழுகிற நம் ஊர் வீடுகளில் இது தினமும் நடக்கக்கூடியது.

கணக்கு சரியா என்று நீங்களே பார்க்கலாம். மாலை எட்டு மணிக்கு மீட்டர் எண்ணை எழுதுங்கள், ஒன்பது மணிக்கு மறுபடி எழுதுங்கள். கூடிய யூனிட்தான் அந்த மணி நேரத்தின் சராசரி கிலோவாட். அதை ஆம்பியராக மாற்ற, ஒரு கிலோவாட்டுக்கு 4.3 ஆம்பியர் என்று பெருக்கினால் போதும். சராசரி என்பதால் ஹீட்டரின் ஐந்து நிமிட உச்சம் இதில் தெரியாது. அதற்கு வயர்மேன் கிளாம்ப் மீட்டரை மெயின் வயரில் மாட்டி, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆனால் உங்களுக்கு 32 ஆம்பியர் தேவையா? சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ போய் வர ஏறத்தாழ 60 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் குடிக்கும் கார் என்றால் 9 யூனிட், சார்ஜ் செய்வதில் வீணாவதையும் சேர்த்து 10 யூனிட். 16 ஆம்பியரில் மணிக்கு 3.7 யூனிட் ஏறும், மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இரவு 12 ஆம்பியருடன் சேர்த்தால் மொத்தம் 28. காலையில் ஹீட்டர் போட்டாலும் 44தான். என் கருத்து, உங்கள் வீட்டுக்கு 16 ஆம்பியரில் பூட்டி வைத்த சுவர் சார்ஜரே பொருத்தம். 32 ஆம்பியர் சார்ஜரையே வாங்கினாலும், பொருத்துபவர் உள்ளே உள்ள அமைப்பில் 16 என்று வைக்கலாம். மெயின் வயரில் ஒரு சென்சார் வளையம் மாட்டி, வீட்டு லோடு கூடும்போது தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜர்களும் உண்டு. கொஞ்சம் கூடுதல் விலை என்றாலும் சிங்கிள் பேஸ் வீட்டுக்கு அது உருப்படியான செலவு. நேரத்தை இரவு பத்துக்குப் பின் என்று வையுங்கள். 2025 ஜூலையில் வந்த புதிய கட்டண முறையில் நேரவாரிக் கட்டணத்தைத் தேர்ந்தெடுத்தால், வார நாட்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரைதான் உச்ச நேரம், மற்ற நேரமும் சனி ஞாயிறும் மலிவு.

காரோடு வரும் மூன்று ஊசிப் பிளக் சார்ஜரைச் சாதாரண பிளக் பாயிண்டில் மாட்டி ஓட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அவசரத்துக்குச் சரி, தினமும் வேண்டாம். அந்தப் பிளக்கில் 13 என்று எழுதியிருந்தாலும், மணிக்கணக்காக 10 ஆம்பியருக்கு மேல் ஓட அது செய்யப்படவில்லை. முப்பது வருடப் பிளக் பாயிண்டின் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அங்கே சூடேறி முதலில் பழுப்பு நிறமும் பிறகு உருகலும் வரும். எக்ஸ்டென்ஷன் வயரை எந்தக் காரணத்துக்கும் நடுவில் சேர்க்காதீர்கள்.

சுவர் சார்ஜருக்கு டிபியிலிருந்து தனி வயர் வர வேண்டும், வேறு எதுவும் அதில் ஒட்டக் கூடாது. பின்னாளில் 32 ஆம்பியருக்குப் போக மனம் இருந்தால் இப்போதே 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இழுப்பது நல்லது. 20 மீட்டர் தூரத்துக்கு அதில் 4.7 வோல்ட் குறையும், அது பொறுக்கக்கூடியது. வயர் தகரக் கூரைக்கு அடியில் சீலிங் மேலே போகிறது என்றால் 10 சதுர மில்லிமீட்டராக்குங்கள். அங்கே பகலில் சூடு அதிகம், சூட்டில் வயரின் தாங்கும் திறன் இறங்கும்.

இந்த வயருக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவு சுவிட்ச் தனியாக வேண்டும், அதன் வகை முக்கியம். கார் சார்ஜரில் டிசி எனப்படும் நேர்க் கரண்டு கசியலாம். பழைய டிபிகளில் இருக்கும் ஏசி வகைச் சுவிட்ச் நேர்க் கரண்டு கலந்தால் மரத்துப்போய், பிறகு உண்மையான கசிவு வந்தாலும் விழாது. சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் நேர்க்கரண்டு காவல் இருந்தால் ஏ வகை போதும். இல்லை என்றால் பி வகை வேண்டும், அது விலை கூடியது. சுவிட்சின் முகத்தில் ஒற்றை அலைக்கோடு மட்டும் இருந்தால் ஏசி வகை, அலைக்கோட்டின் கீழே அரை அலைகளும் இருந்தால் ஏ வகை. இன்னொன்றும் வயர்மேனிடம் சொல்லுங்கள். கார் வயரை வீட்டின் பழைய ஆர்சிசிபிக்குப் பின்னால் எடுக்கக் கூடாது, மெயின் சுவிட்சுக்குப் பிறகு, ஆர்சிசிபிக்கு முன்னால் பிரித்தெடுக்க வேண்டும். அப்போது காரின் கசிவு வீட்டுச் சுவிட்சை மரக்கடிக்காது, காரின் லோடும் அந்த 40 ஆம்பியர் வழியாகப் போகாது. மெயின் சுவிட்சே 40 என்றால் அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

வயர்மேன் வரும் அன்று இரண்டு சோதனைகளைச் சேர்த்துக் கேளுங்கள். பழைய வயர்களின் மேலுறை கரண்டைக் கசியவிடுகிறதா என்று பார்க்கும் 500 வோல்ட் மெகர் சோதனை, ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்த வயரை மாற்ற வேண்டும். பிறகு மாலையில் பிளக்கில் வோல்ட் மீட்டர் மாட்டி, வாட்டர் ஹீட்டரைப் போடுவதற்கு முன்னும் பின்னும் பார்ப்பது. 216 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் தெனாகாவிடம் புகார் செய்யும் அளவு அது. ஹீட்டரின் 16 ஆம்பியருக்கே 5 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால், கம்பத்திலிருந்து டிபி வரை எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கலாம், அல்லது லைன் நீளமாக இருக்கலாம். தோட்டத்து ஓரமாகக் கடைசிக் கம்பத்தில் இருக்கும் வீடுகளில் இதை அடிக்கடி காணலாம். தளர்ந்த இணைப்பில் கார் லோடு ஏறினால் அந்த இடம் எரியும்.

வேலை செய்பவர் மின்சக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிந்த வயர்மேனாக இருக்க வேண்டும், அட்டையைக் கேட்டுப் பாருங்கள். சிங்கிள் பேஸ் சான்றிதழ் உள்ளவர் த்ரீ பேஸ் வேலை செய்ய முடியாது. முடித்ததும் போராங் ஜி, போராங் எச் இரண்டும் வாங்குங்கள். எச்சில்தான் சோதனை எண்கள் இருக்கும், அந்தக் கட்டங்கள் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடச் சம்மதிக்காதீர்கள்.

வீட்டில் இரண்டாவது மின்சாரக் கார் வரும், அல்லது இன்னும் இரண்டு ஏர்கோன் போடுவீர்கள் என்றால்தான் த்ரீ பேஸ் யோசிக்கலாம். பதிந்த வயர்மேன் மூலம் தெனாகாவிடம் விண்ணப்பம், புதிய மீட்டர், புதிய டிபி, வீட்டு லோடை மூன்று பேஸுக்கும் பிரிப்பது என்று வேலை நீளும். காரின் உள் சார்ஜர் சிங்கிள் பேஸ் 7 கிலோவாட் மட்டுமே என்றால் 11 கிலோவாட் சுவர் சார்ஜர் வாங்கியும் பயன் இல்லை. அதில் ஒரு பேஸுக்கு 16 ஆம்பியர்தான், அந்தக் காருக்கு 3.7 கிலோவாட்தான் போகும். காரின் விவரத்தாளில் ஏசி சார்ஜ் எத்தனை கிலோவாட், எத்தனை பேஸ் என்ற வரியைக் கடைக்காரரிடம் காட்டச் சொல்லுங்கள்.

எல்லாம் பொருத்திய முதல் இரவில் சார்ஜ் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து டிபி மூடியைத் திறந்து, புதிய பிரேக்கரின் பிளாஸ்டிக் முகத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. கையை வைத்திருக்க முடியாத சூடோ, மீன் வாடை போன்ற பிளாஸ்டிக் நெடியோ இருந்தால் சார்ஜை நிறுத்தி, மறுநாளே வயர்மேனை அழைத்து ஸ்குரூக்களை இறுக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை இறுக்கிக்கொள்வது நல்லது, ஏனென்றால் தினமும் சூடேறி ஆறும் புதிய இணைப்புகள் முதல் மாதத்தில் சற்றுத் தளரும்.